திரும்பி வரும் தொகையீடு

உயர்தரக் கணிதப் பிரிவில் இருந்தவர்களுக்குப் பகுதிகளாகத் தொகையிடல் மறந்திராது. x²eˣ போன்ற கணக்கில் x² ஐ ஒவ்வொரு முறை வகையிடும்போதும் அதன் அடுக்கு ஒன்று குறைந்து, கடைசியில் காணாமலே போய்விடும். e²ˣ சைன் 3x அப்படியில்லை. இரண்டில் எதை வகையிட்டாலும் அது ஒழியாது. சேர்மார் கரும்பலகையில் இடப்பக்கத்துக்கு I என்று பெயர் வைத்தது இதற்காகத்தான்.

I = ∫ e²ˣ sin 3x dx

சைனை வகையிட்டு, e²ˣ ஐத் தொகையிடுவோம்.

I = ½ e²ˣ sin 3x − (3/2) ∫ e²ˣ cos 3x dx

மீந்த தொகையீட்டிலும் அதே ஒழுங்குதான்: கோசைனை வகையிட வேண்டும்.

∫ e²ˣ cos 3x dx = ½ e²ˣ cos 3x + (3/2) I

இதை மேலே பிரதியிட்டால் வலப்பக்கத்தில் −(9/4) I வரும். இடப்பக்கம் கொண்டுபோனால் (13/4) I. பிறகு வெறும் வகுத்தல்தான்.

I = e²ˣ (2 sin 3x − 3 cos 3x)/13 + C

இரண்டு முறையும் e²ˣ ஐ வகையிட்டாலும் இதே விடைதான் வரும். வழியில் பாதிகளுக்குப் பதில் மூன்றிலொன்றுகள் வரும், அவ்வளவே. ஆனால் முதலில் சைனை வகையிட்டுவிட்டு, இரண்டாம் முறை e²ˣ ஐ வகையிட்டால் முதற்படியை அப்படியே அவிழ்த்துவிடுகிறோம். மீந்த தொகையீடு (1/3) e²ˣ sin 3x − (2/3) I ஆகிறது. −3/2 ஆல் பெருக்கிச் சேர்த்தால் சைன் உறுப்புகள் வெட்டுப்பட்டு I = I என்று நிற்கும். பிழையேதும் இல்லை, பயனும் இல்லை. தாளில் பாதிப் பக்கம் போனதுதான் மிச்சம்.

குறிப் பிழையைப் பிடிப்பது சுலபம். கீழே உள்ள 13 என்பது 2² + 3². அங்கே 5 வந்தால், கோசைனை வகையிட்டபோது வரும் சயக்குறியை எங்கோ விட்டிருக்கிறோம்: 9 ஐக் கூட்டாமல் கழித்திருக்கிறோம். விடையை வகையிட்டும் பார்க்கலாம். கோசைனின் குணகம் −6 + 6, பூச்சியம். சைனின் குணகம் 4 + 9, அதை 13 ஆல் வகுத்தால் 1. சிலர் கோசைன் மறைந்ததும் சரி என்று விட்டுவிடுவார்கள். 5 வந்த பிழை விடையிலும் கோசைன் மறையும். ஆகவே சைனையும் பார்க்க வேண்டும்.

திரும்பி வரும் I இன் குணகம் சரியாக 1 என்றால் இந்த வழி உதவாது. ∫ dx/x இல் 1/x ஐ வகையிட்டு, dx ஐத் தொகையிட்டுப் பாருங்கள்: I = 1 + I. வெட்டினால் 0 = 1 என்றாகிவிடும்! இரு பக்கத்து I உம் ஓர் எதேச்சை மாறிலியால் வேறுபடலாம் என்பதை மறந்து வெட்டியதால் வந்த வினை இது. 1 முதல் 2 வரை எல்லை இட்டால் அந்த 1 உம் 1 − 1 ஆகிப் பூச்சியமாகிவிடும்; 0 = 0 தான் மிஞ்சும். மடக்கை 2 என்ற விடையை இந்தச் சமன்பாட்டிலிருந்து எடுக்க முடியாது.