மாதவிடாய் விடுப்பைப் பெயர் சொல்லியே கேட்கலாம்

பெங்களூரில் வேலை பார்க்கும் தோழிகளுக்கு இது. கர்நாடக அரசு 2025-இல் கொண்டுவந்த கொள்கைப்படி 18 முதல் 52 வயது வரையுள்ள பெண் ஊழியர்களுக்கு மாதம் ஒரு நாள், சம்பளத்தோடு, மாதவிடாய் விடுப்பு உண்டு. மருத்துவச் சான்றிதழ் கேட்கக் கூடாது. ஆனால் இந்த மாதம் எடுக்காததை அடுத்த மாதத்துக்குச் சேர்த்துவைக்க முடியாது.

அப்படியிருந்தும் நிறைய பேர் "உடம்பு சரியில்லை" என்று எழுதி சிக் லீவில் கழித்துவிடுகிறார்கள், அப்புறம் நிஜமாகவே காய்ச்சல் வரும்போது கையில் லீவு இருப்பதில்லை. எனக்கு இது ரொம்ப வருத்தமாக இருக்கிறது. நான் மேனேஜருக்கு அனுப்புவது இவ்வளவுதான்:

"வணக்கம் சார். இன்று மாதவிடாய் வலி அதிகமாக இருப்பதால் இந்த மாதத்துக்கான மாதவிடாய் விடுப்பை எடுத்துக்கொள்கிறேன். இன்று தரவேண்டிய ரிப்போர்ட்டை நாளை மதியத்துக்குள் அனுப்பிவிடுகிறேன்."

ஆண் மேனேஜர் என்றாலும் இதே வரிகள்தான். "மன்னிக்கவும்" வேண்டாம், எங்கே வலிக்கிறது, எவ்வளவு ரத்தம் போகிறது என்ற விளக்கமும் வேண்டாம். விடுப்புப் படிவத்தில் இதற்குத் தனி வகை இல்லையென்றால் காரணம் எழுதும் இடத்தில் 'மாதவிடாய் விடுப்பு' என்றே எழுதுங்கள், சிக் லீவில் கழிக்க வேண்டாம் என்று எச்ஆருக்கும் ஒரு மெயில் போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் லீவு கணக்கை ஒருமுறை திறந்து பாருங்கள், அங்கேதான் பெரும்பாலும் இது சிக் லீவாக மாறிப்போயிருக்கும்.