மாவட்டப் பெயர்களை வைத்து ஒரு குறுக்கெழுத்துக் கட்டம்

ஒரு நூலகத்தின் சிறுவர் பகுதிக்காக, தமிழ்நாட்டு மாவட்டப் பெயர்களை வைத்துக் குறுக்கெழுத்துப் புதிர் தயாரித்தேன். கையில் இருந்தது வெறும் பட்டியல்தான்: கன்னியாகுமரி, விருதுநகர், தருமபுரி, கடலூர், மதுரை, வேலூர், ஈரோடு, தேனி. இதைக் கொடுத்தால் கட்டமாகக் கோர்த்துத் தரும்படி பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன்.

முதலில் தீர்க்க வேண்டியது எழுத்துக் கணக்கு. `len("தேனி")` என்று கேட்டால் 4 என்று வரும், ஏனென்றால் துணைக்கால், கொம்பு, விசிறி எல்லாம் யூனிகோடில் தனிக் குறிகள். அப்படியே விட்டால் ஒரு கட்டத்தில் 'ன'வும் அடுத்த கட்டத்தில் வெறும் விசிறியும் விழும். இதற்கு `regex` என்ற தொகுதியில் வழி இருக்கிறது:

```python
import regex, unicodedata

def letters(word):
    word = unicodedata.normalize("NFC", word.strip())
    return regex.findall(r"\X", word)
```

இது தேனியை 'தே', 'னி' என்று இரண்டாகப் பிரித்துத் தரும். நடுவில் வரும் `normalize` வரி அவசியம். 'கோ'வை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாகவும் அடிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பொருந்த வேண்டிய எழுத்துகள் காரணமே தெரியாமல் பொருந்தாமல் போகும்.

அடுத்தது, எந்தச் சொல் எதோடு எழுத்தைப் பகிர்கிறது என்று முன்கூட்டியே பார்ப்பது. ஆங்கிலத்தில் 26 எழுத்துதான், எப்படியும் ஏதாவது ஒன்று ஒட்டிவிடும். நமக்கு உயிர்மெய்யே 216. 'ரு'வும் 'ரூ'வும் 'ர்'உம் வேறு வேறு எழுத்துகள். இந்தப் பட்டியலில் ஈரோட்டுக்கு ஒரு துணைகூட இல்லை. ஈ, ரோ, டு மூன்றும் மற்ற எந்தப் பெயரிலும் கிடையாது. நிரல் எத்தனை முறை முயன்றாலும் அது வெளியேதான் நிற்கும். செங்கல்பட்டைச் சேர்த்தேன். அதன் 'டு' ஈரோட்டைப் பிடித்துக்கொள்ளும், 'க' கன்னியாகுமரியோடு சேரும். எழுத்துக்கூட்டலும் இங்கே முக்கியம். 'தர்மபுரி' என்று எழுதியிருந்தால் 'ரு' போய்விடும்.

கோர்க்கும் விதிகள் எளியவை. குறுக்கிடும் கட்டத்தில் இரண்டு சொல்லுக்கும் ஒரே எழுத்து இருக்க வேண்டும். சொல்லின் தலைக்கு முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் காலிக் கட்டம் வேண்டும். குறுக்கிடாத எழுத்துகளின் இரு பக்கமும் காலியாக இருக்க வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டால் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் உரசி, அர்த்தமில்லாத ஈரெழுத்துத் துண்டுகள் முளைக்கும்.

நீளமான சொல்லிலிருந்து தொடங்கினேன். கன்னியாகுமரி இடமிருந்து வலமாக நடுவில். அதன் 'க'வில் செங்கல்பட்டு மேலிருந்து கீழாக. அடுத்து விருதுநகர் வந்தது, இடமில்லை. அதற்குத் தோதான ஒரே எழுத்து அந்த 'க'தான், அது இரண்டு திசையிலும் பயன்பட்டுவிட்டது. இப்படிப்பட்ட சொல்லைத் தூக்கிப் போடாமல் வரிசையின் கடைசிக்கு அனுப்ப வேண்டும்.

இப்போது தருமபுரி. அதற்கு இரண்டு வாய்ப்பு: கன்னியாகுமரியின் 'ம' அல்லது 'ரி'. இரண்டிலும் ஒரு குறுக்கீடுதான், மதிப்பெண் சமம். ஆனால் விளைவு வேறு. 'ம'வில் உட்கார்ந்தால் மதுரைக்கு 'ம' கிடையாது. தருமபுரியின் 'ரு' கன்னியாகுமரிக்கு நேர் மேல் வரிசையில் விழுவதால் விருதுநகர் அதில் சேர முடியாது, உரசும். விருதுநகர் இல்லாவிட்டால் கடலூர் இல்லை, கடலூர் இல்லாவிட்டால் வேலூர் இல்லை. ஒன்பதில் நான்கு பெயர்கள் வெளியே.

'ரி'யில் உட்கார்ந்தாலோ 'ரு' மூன்று வரிசை மேலே போய்விடும். 'ம'வில் மதுரை, 'டு'வில் ஈரோடு, 'னி'யில் தேனி. இரண்டாவது சுற்றில் விருதுநகர் 'ரு'வில் ஏறும், அதன் 'க'விலிருந்து கடலூர் இறங்கும், 'லூ'வில் வேலூர் சேரும். ஒன்பதும் 13-க்கு 9 கட்டத்தில் அடங்கிவிடும்.

எந்த முடிவு பின்னால் கழுத்தைப் பிடிக்கும் என்று அந்த இடத்தில் நிரலுக்குத் தெரியாது. அதனால் சமமான வாய்ப்புகளில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுக்க விட்டு, முழு வேலையையும் சில நூறு தடவை திரும்ப ஓடவிட்டேன். அதிகச் சொற்கள் அடங்கிய கட்டத்துக்கு முதலிடம், அதிலும் சமமானால் பரப்பு குறைந்ததற்கு. இவ்வளவு சின்னப் பட்டியலுக்குக் கண்ணிமைக்கும் நேரம்தான். பின்னோக்கிப் போய் மாற்றிப் பார்க்கும் முறையையும் எழுதலாம், இந்த அளவுக்கு அது தேவைப்படவில்லை.

எண் போடுவது கடைசி. மேல் வரிசையிலிருந்து இடமிருந்து வலமாகப் போய், சொல் தொடங்கும் கட்டத்துக்கெல்லாம் வரிசையாக எண் கொடுக்க வேண்டும். 'ம'வில் தொடங்கும் மதுரைக்குத் தனி எண். தேனிக்கு எண் 'தே'யில் விழும், 'னி'யில் அல்ல.