வெளிநோயாளர் குறிப்பு: அண்டி ஆபீஸ் அம்மாவின் எலும்புக் கணக்கு

2 ஜூன் 2025, திங்கள்

எலும்பு மருத்துவரிடமிருந்து இன்று உணவு ஆலோசகரான என்னிடம் அனுப்பப்பட்ட அம்மாவுக்கு வயது 61. முந்திரி ஆலையில், எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் அண்டி ஆபீசில், இளவயதிலிருந்தே பருப்பின் தோல் உரிக்கும் வேலை பார்க்கிறார். சீட்டில் "வைட்டமின் டி குறைவு, எலும்புத் தேய்மானம், உணவு ஆலோசனை" என்று ஒரே வரிதான் இருந்தது. அந்த வரியை வைத்துக்கொண்டு பாலும் கீரையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் அதில் எந்தச் சொல் எந்தச் சோதனையிலிருந்து வந்தது என்று தெரியாமல் குறிப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, ஊரில் நடந்த இலவச முகாமில் குதிகாலைக் கருவியில் வைத்துப் பார்த்துக் கொடுத்த துண்டுச் சீட்டு. அதில், இளவயதுச் சராசரியிலிருந்து எலும்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 3.1. மற்றொன்று எலும்பின் அடர்த்தியை எக்ஸ்-ரே கதிரால் அளக்கும் டெக்சா ஸ்கேன் அறிக்கை. தொடை எலும்பின் கழுத்தில் மைனஸ் 2.6, இடுப்பு முதுகெலும்பில் மைனஸ் 1.8. முகாம் சீட்டைப் பார்த்த நாள் முதல் அவருக்குத் தூக்கம் இல்லையாம். குதிகால் கருவி ஒலி அலையால் அளப்பது, எலும்புத் தேய்மானத்துக்கான மைனஸ் 2.5 என்ற எல்லைக்கோடு இடுப்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் டெக்சா அளவுக்காக வகுக்கப்பட்டது, குதிகால் கருவியின் எண்ணை அதோடு ஒப்பிடக் கூடாது. எனவே குறிப்பில் டெக்சா எண்களை மட்டுமே எடுத்துக்கொண்டேன். தொடைக் கழுத்தின் எண் எல்லையைத் தாண்டிவிட்டது. முதுகெலும்பின் எண் ஏன் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்ற கேள்வியை ஓரத்தில் எழுதி வைத்தேன்.

வெயிலைப் பற்றிக் கேட்டபோது, "நம்ம ஊருல வெயிலுக்கா மக்களே பஞ்சம்?" என்று சிரித்தார். ஏறக்குறைய 8 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் தோலில் வைட்டமின் டி உருவாகப் போதுமான வெயில் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதற்குரிய கதிர் செறிவாக இறங்குவது நண்பகலை ஒட்டிய நேரத்தில். அப்போது அவர் ஓட்டுக் கூரையின் கீழே தரையில் உட்கார்ந்திருக்கிறார். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் முகத்தில் விழும் சாய்ந்த வெயிலில் அந்தக் கதிர் மிகக் குறைவு. ஆகவே "வெயில் உள்ள ஊர்" என்று எழுதாமல், "நண்பகல் வெயில் ஞாயிறு மட்டும், அதுவும் அரிதாக" என்று எழுதினேன்.

3 ஜூன், செவ்வாய்

நேற்றுக் கேட்ட இருபத்து நான்கு மணி நேர உணவுக் கணக்கை இன்று மறுபடி பார்த்தேன். திங்கட்கிழமை கேட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுதான் வரும்: கோயில் முடிந்து வந்து கோழிக்கறி, மதியம் மகள் வீட்டில் பிரியாணி, தயிர்ப் பச்சடி. அது இவருடைய வாரத்துக்கு எந்த வகையிலும் சான்று ஆகாது. அதனால் ஒரு வேலை நாளையும், வாரத்தில் எது எத்தனை முறை என்ற பட்டியலையும் சேர்த்துக் கேட்டிருந்தேன். காலையில் பால் சாயா ஒன்று. ஆபீசில் கட்டன் சாயா. மதியம் சம்பா அரிசிச் சோறு, மீன் குழம்பு, ஒரு தொடுகறி. மாலையில் பல நாள் மரச்சீனிக் கிழங்கு. இரவில் கஞ்சியும் சிறுபயறும். மோர் வாரத்தில் இரண்டு நாள், முருங்கைக் கீரை ஒரு நாள்.

மீன் என்ற சொல்லைக் கேட்டவுடன் கால்சியத்தை அள்ளிப் போட்டுவிடக் கூடாது. மீனின் கால்சியம் பெரும்பகுதி முள்ளில் இருக்கிறது. நெத்தோலியை முள்ளோடு தின்பவருக்கும், சாளையின் சதையைப் பிய்த்துத் தின்றுவிட்டு முள்ளைத் தட்டோரத்தில் ஒதுக்குபவருக்கும் ஒரே எண்ணைப் போட்டால் கணக்கு பல மடங்கு பிசகும். "நெத்தோலி முள்ளோட தின்பியளா?" என்று கேட்டேன். வாயைத் திறந்து காட்டினார். மேல்வரிசை செயற்கைப் பல் செட். செட் வைத்த பிறகு முள் அடியில் போய்க் குத்துகிறது என்று மருமகளை நெத்தோலியையும் கீறி நடுமுள்ளை உருவிவிடச் சொல்லியிருக்கிறார். போதாததற்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இந்த மாதம் கேட்கும் மீன் கணக்கை ஆண்டு முழுவதுக்கும் பொருத்த முடியாது என்பதையும் குறிப்பில் சேர்த்தேன்.

கூட்டிப் பார்த்தால் சாயாவின் 60 மில்லி பாலில் சுமார் 70 மில்லிகிராம். மோரையும் முருங்கைக் கீரையையும் நாள் சராசரிக்குப் பிரித்தால் இரண்டுக்கும் சேர்த்து 40. முள் நீக்கிய மீனில் 25. சோறு, பயறு, கிழங்கு, காய், தேங்காய் எல்லாவற்றிலும் சேர்த்து 125. மொத்தம் 260. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் வகுத்த பரிந்துரை நாளுக்கு 1200. நான் போட்ட அளவுகளில் முன்பின் இருக்கலாம். ஆனால் எவ்வளவு தாராளமாகத் திருத்தினாலும் 350-ஐத் தாண்டாது.

5 ஜூன், வியாழன்

மருமகள் வந்திருந்தார். கர்ப்பப்பை எடுத்த அறுவைச் சிகிச்சையின் பழைய வெளியேற்றச் சீட்டையும், வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். இரண்டுமே பேசின.

"நாற்பத்தி மூணு வயசுல கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்று மட்டுமே அந்த அம்மா சொல்லியிருந்தார். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் உடனே நின்றுவிடாது. சினைப்பைகளையும் எடுத்தால் அன்றே நின்றுவிடும். சீட்டில் இரு சினைப்பைகளும் நீக்கப்பட்டதாகத் தெளிவாக இருந்தது. அதாவது எலும்பு இழப்பு இயல்பான வயதுக்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. அதே சீட்டில் உயரம் 153 செ.மீ.; திங்களன்று நான் சுவரில் அளந்தது 148.5. நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தால் முதுகெலும்பு அமுங்கியிருக்கிறதா என்று எக்ஸ்-ரே பார்ப்பது வழக்கம் என்பதால் மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினேன். அமுங்கிய எலும்பு டெக்சாவில் அடர்த்தி கூடியதாகத் தோன்றும். அந்த மைனஸ் 1.8-க்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மாத்திரை அட்டைகளைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். கால்சியம் அட்டையின் முகப்பில் கொட்டை எழுத்தில் 1250 என்று இருந்தது. "நாளுக்கு 1200 வேணும்னா ஒரு மாத்திரையே போதுமே" என்றார் மருமகள். 1250 என்பது கால்சியம் கார்பனேட்டின் எடை. அதில் உடலுக்குப் பயன்படும் கால்சியம் 500 மில்லிகிராம் மட்டும். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் அதுவும் இருக்கிறது. இந்த 500-ம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. தைராய்டு மாத்திரை, வாயு மாத்திரை என்று வீட்டில் சொல்லும் பான்டோபிரசோல், கால்சியம் மூன்றையும் விடியற்காலை வெறும் வயிற்றில் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறார். கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் வேண்டும், அதனால்தான் அதை உணவோடு சாப்பிடச் சொல்கிறோம். இங்கே உணவும் இல்லை, அமிலத்தையும் மாத்திரை அடக்கிவிட்டது. தைராய்டு மாத்திரையையோ கால்சியம் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாது. சென்ற மாதம், தைராய்டு மருந்து போதாதபோது கூடும் டி.எஸ்.எச். அவருக்கு 7.9 ஆகி, மருந்தளவைக் கூட்டுவதாகப் பேச்சு இருந்தது.

வைட்டமின் டி ஊசி போட்டதுண்டா என்பதையும் கேட்டேன். ஊசி இல்லை, சென்ற ஆண்டு 60,000 யூனிட் பொடி நான்கு வாரம், பிறகு நிறுத்தம். அண்மையில் பெரிய அளவு ஏற்றியிருந்தால் இரத்த எண்ணை வேறு விதமாகப் படிக்க வேண்டியிருக்கும். இங்கே அந்தக் குழப்பம் இல்லை.

9 ஜூன், திங்கள்

இரத்த அறிக்கை வந்தது. உடலின் வைட்டமின் டி இருப்பைக் காட்டும் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஒரு மில்லிக்கு 16 நானோகிராம். பார்க்க வேண்டியது இதைத்தான். செயல்வடிவமான 1,25 வகையைக் கேட்டிருந்தால், குறைபாடு இருக்கும்போதே, இரத்தக் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பு அதை உந்திக்கொண்டிருப்பதால் எண் இயல்பாகவோ கூடுதலாகவோ வந்து நம்மை ஏமாற்றும். 16 என்பது பரவலாகப் பயன்படும் அளவுகோல்களில் போதாது, ஆனால் மிக மோசமும் இல்லை. 12-க்குக் கீழே போனால்தான் எனக்குக் கவலை கூடும்.

கால்சியம் 8.6, ஆல்புமின் 3.4. ஆல்புமின் குறைந்திருப்பதால் நான்கிலிருந்து விட்டுப்போன 0.6-ஐ 0.8-ஆல் பெருக்கிச் சேர்த்தால் திருத்திய கால்சியம் 9.1, இயல்பு. பாராதைராய்டு ஹார்மோன் 92, ஆய்வகத்தின் மேல் எல்லை 65. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. கால்சியம் இயல்பாக இருந்து பாராதைராய்டு கூடியிருந்தால், வரவு போதாததால் சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தை நிரப்புகிறது என்பதே முதல் ஊகம். கால்சியமும் கூடியிருந்தால் சுரப்பியிலேயே கோளாறு என்று வேறு பாதையில் போயிருப்போம். வெறும் 16 இவ்வளவு தூரம் சுரப்பியை உந்தியிருக்குமா என்று கேட்டால், 16-ம் 260-ம் சேர்ந்து உந்தியிருக்கின்றன என்பதே என் கணிப்பு. மருத்துவர் அனுப்பிய சீட்டில் வைட்டமின் பெயர் இருந்தது, கால்சியத்தின் பெயர் இல்லை.

அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி 148, சற்றே கூடுதல். பாஸ்பரஸ் இயல்பின் கீழ்ப்பகுதியில். எக்ஸ்-ரேயில் முதல் இடுப்பு முதுகெலும்பு ஆப்பு வடிவில் அமுங்கியிருக்கிறது. அமுங்கிய எலும்பு ஆறும்போதும் அந்த நொதி கூடும், எலும்பு மென்மையாகும் நோயிலும் கூடும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தியபோது அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டார். தரையிலிருந்து எழ இரண்டு கையும் ஊன்ற வேண்டியிருக்கிறது. இவற்றை நான் கண்டபடியே எழுதினேன். நோயின் பெயரை எழுதுவது மருத்துவர் வேலை.

10 ஜூன், செவ்வாய்

கோப்பில் எழுதியது இது:

"உணவுக் கால்சியம் நாளுக்குச் சுமார் 260 மி.கி., தேவை 1200. காரணம்: பால் பொருள் குறைவு, பல் செட் காரணமாக மீன் முள் தவிர்ப்பு. மாத்திரைக் கால்சியம் 500 மி.கி., வெறும் வயிற்றில், பான்டோபிரசோல், தைராய்டு மாத்திரையுடன்; உட்கிரகிப்பு ஐயத்துக்குரியது, மொத்தத்தில் சேர்க்கப்படவில்லை. சான்று: வைட்டமின் டி 16, பாராதைராய்டு 92, திருத்திய கால்சியம் 9.1, உயரக் குறைவு 4.5 செ.மீ. முன்னெலும்பு வலி, எழுவதில் சிரமம் மருத்துவர் கவனத்துக்கு."

திட்டத்தைச் சிறியதாகவே வைத்தேன். பாலைக் குடித்தால் வயிறு உப்புகிறது என்கிறார். அதனால் 200 மில்லி பாலை உறை ஊற்றித் தயிராக, மதியத்துக்கு. மாலைக் கிழங்குக்குப் பதில் வாரத்தில் ஐந்து நாள் 50 கிராம் கேழ்வரகு மாவில் புட்டு. இவ்விரண்டும் நாள் சராசரியில் 370 அளவுக்குத் தரும். கருவாட்டுப் பொடி யோசனை மருமகளுடையது. இரத்த அழுத்தம் இருப்பதால் உப்புக் கருவாடு வேண்டாம், கழுவிக் காயவைத்த நெத்தோலியை முள்ளோடு வறுத்துப் பொடித்துத் துவையலில் சேர்க்கலாம் என்றேன். அளவு உறுதியாகாததால் கணக்கில் எடுக்கவில்லை. கால்சியம் மாத்திரை மதியச் சோற்றோடு, தூக்குச் சட்டியின் மூடியில் ஒட்டிக் கொடுத்து அனுப்ப வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி தானாகவே வந்துவிடும். எல்லாம் சேர்ந்தால் 1130.

மருத்துவரிடம் நேரில் கேட்டவை: பான்டோபிரசோல் தொடர வேண்டுமானால் அமிலம் தேவைப்படாத சிட்ரேட் வகைக்கு மாற்றலாமா, இடைவெளி விட்டபின் டி.எஸ்.எச். பார்த்துவிட்டுத் தைராய்டு அளவை முடிவு செய்யலாமா. ஆண்டுக்கொரு முறை ஏற்றும் சோலெட்ரானிக் அமிலத்தை இந்த வாரமே ஏற்றத்தான் வேண்டுமா. எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறுவதை அந்த மருந்து அடைத்துவிடும். வரவு இல்லாத நிலையில் அடைத்தால் இரத்தக் கால்சியம் சரிந்து கைகால் மரத்து இழுக்கும். தள்ளிவைக்க அவர் ஒப்புக்கொண்டார். 60,000 யூனிட் பொடி எட்டு வாரம், ஞாயிறுதோறும் என்று எழுதினார். "நாள்தோறும்" என்று யாரும் படித்துவிடாமல் இருக்க, எட்டு ஞாயிறுகளின் தேதியையும் மருமகளின் நாள்காட்டியில் குறித்துக் கொடுத்தேன்.

7 ஜூலை, திங்கள்

தயிர் நடக்கிறது, கேழ்வரகுப் புட்டு இரண்டு நாளாகக் குறைந்துவிட்டது, வீட்டில் வேறு யாரும் தின்பதில்லையாம். மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன், விட்டுப்போனது சில நாள்தான். மலச்சிக்கல் தொடங்கியிருக்கிறது; சிட்ரேட்டுக்கு மாற்ற இன்னொரு காரணம் என்று எழுதினேன். கால் வலி குறைந்ததா என்று இப்போதே கேட்டு அதை வெற்றியாக எழுதுவதில் பொருளில்லை. வைட்டமின் டி-யை இப்போது அளப்பதிலும் பயனில்லை, மூன்று மாதமாவது ஆகாமல் எண் நிலைக்காது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் வைட்டமின் டி, பாராதைராய்டு, கால்சியம் மூன்றும். மருந்து ஏற்றும் தேதி அதற்குப் பிறகு.