முதல் நாள் மெயில்: மூன்று முறை திருத்தி எழுதிய கதை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வரவேற்பு மெயில் அனுப்புவது என் பொறுப்பு. இரண்டு வருடமாக ஒரே மெயிலைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். கம்பெனி வரலாறு ஒரு பத்தி, எம்.டி.யின் வாழ்த்து ஒரு பத்தி, கீழே ஒன்பது மணிக்கு வரவும் என்று ஒரு வரி.

போன ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை 8.40க்குப் போன் வந்தது. கோபியிலிருந்து, ஆர்டர்களைக் கவனிக்கும் ஜூனியர் மெர்ச்சண்டைசராகச் சேர வந்த பெண். "ஏனுங் மேடம், கேட்டுல என் பேரே இல்லீங்கறாங்க."

அவர் நின்றது அவிநாசி ரோட்டில் இருக்கும் முதல் யூனிட். வரவேண்டியதோ பல்லடம் ரோட்டில் இருக்கும் இரண்டாவது யூனிட். மெயிலின் அடியில் எங்கள் பதிவு அலுவலக முகவரி தானாக ஒட்டிக்கொண்டு போகும். அதை வைத்து மேப்பில் தேடி வந்திருக்கிறார். எந்த யூனிட் என்று நான் எழுதவே இல்லை. ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது மணி 9.50. அங்கேயும் வாட்ச்மேன் அண்ணனிடம் நான் பெயர் சொல்லி வைக்கவில்லை, பத்து நிமிடம் வெயிலில் நின்றார்.

அன்று மாலையே பழைய மெயிலைத் திறந்து வாசித்தேன். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் இதைப் பார்க்கிற ஒருவருக்கு எதற்காவது இதில் பதில் இருக்கிறதா என்று பார்த்தால், ஒன்றுக்குக்கூட இல்லை.

முதலில் மாற்றியது மெயில் போகும் இடத்தை. சிஸ்டம்ஸ் தம்பி உருவாக்கித் தரும் ஆபீஸ் ஐடிக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதைத் திறக்கும் பாஸ்வேர்டும் அதே மெயில்பெட்டிக்குள்தான் இருக்கும்! கோபிப் பெண்ணுக்கு நான் கடைசி நேரத்தில் சொந்த ஐடிக்கும் ஒரு காப்பி தட்டிவிட்டதால்தான் அதுவாவது போய்ச் சேர்ந்தது. இப்போது சொந்த ஐடிக்கு, சேருவதற்கு ஐந்து நாள் முன்பு, புதன்கிழமை. வெள்ளி மாலை அனுப்பினால் சந்தேகம் கேட்கவும் ஆள் இருக்காது, விட்டுப்போன காகிதத்தை எடுக்கவும் நேரம் இருக்காது.

தலைப்பில் "வரவேற்கிறோம்" இல்லை. "திங்கள் காலை 9 மணி, இரண்டாவது யூனிட், பின் கேட்" என்று தலைப்பிலேயே போட்டுவிடுகிறேன். மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். முதல் பத்தியின் சாரம் தமிழில் இது:

"புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பல்லடம் பஸ் ஏறவும். மேப்பில் கம்பெனி பெயரைத் தேட வேண்டாம், கீழே இருக்கும் இணைப்பைத் தொடவும். முன் கேட் லாரிக்கு மட்டும். பின் கேட்டில் உங்கள் பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கும், ஆதார் காட்டினால் போதும். மதியச் சாப்பாடு கொண்டு வரவும், கேன்டீன் டோக்கன் மறுநாள்தான் கிடைக்கும்."

காகித விஷயம்தான் அதிகம் படுத்தியது. "ஆதார், பான், பேங்க் பாஸ்புக் கொண்டு வரவும்" என்று எழுதினால் எல்லோரும் கொண்டுவந்துவிடுவார்கள். சிக்கல் அதற்குள் இருக்கும். நம் ஊரில் ஆதாரில் பெயருக்குப் பக்கத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும். பான் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது இனிஷியலை ஏற்கமாட்டார்கள், அப்பா பெயரை விரித்து எழுதச் சொல்வார்கள். ஆக, ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். பி.எஃப். கணக்கு ஆதார் பெயரில்தான் உருவாகும். அப்புறம் பானை இணைக்கப் போனால் பெயர் ஒத்துவரவில்லை என்று நிற்கும்.

இன்னொன்று, பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்; ஒருவருக்கு ஒன்றுதான். 2025 ஆகஸ்டிலிருந்து புதிய எண்ணைப் பெரும்பாலும் ஊழியரே அரசின் உமங் செயலியில் முகம் காட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஓ.டி.பி. வரும் எண் ஆதாரில் இருக்கும் எண். அது பத்தாம் வகுப்பில் அப்பா வாங்கிக்கொடுத்து எப்போதோ காணாமல்போன சிம்மாக இருந்தால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. போன மாதம் ஒருவருக்கு இப்படித்தான். மெயிலில் முன்கூட்டியே கேட்டிருந்ததால் வியாழனன்றே ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டு வந்தார்.

"இதற்கு முன் பி.எஃப். பிடித்திருக்கிறார்களா?" என்று கேட்டால் புதுசாகப் படித்து முடித்தவர்கள் எல்லோரும் இல்லை என்பார்கள். நான் இப்போது கேட்பது வேறு மாதிரி: "காலேஜ் லீவில் மில்லிலோ பனியன் கம்பெனியிலோ இரண்டு மாதமாவது வேலைக்குப் போனீர்களா?" நாலு பேரில் ஒருவராவது ஆமாங்க என்கிறார். அங்கே யூ.ஏ.என். எண் போட்டிருந்தால் அதையேதான் பி.எஃப். படிவம் 11இல் எழுத வேண்டும். தெரியாமல் இரண்டாவது எண் எடுத்துவிட்டால் ஒன்றாக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வாரத் திட்டத்தை ஒவ்வொரு மணிக்கும் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம் வியாழனன்று பையரின் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். மெர்ச்சண்டைசிங் மேனேஜர் காலை முதல் பேக்கிங்கில் நின்றுவிட்டார், "11 மணி: மேனேஜருடன் அறிமுகம்" என்று நான் எழுதியதை நம்பி, அந்த வாரம் சேர்ந்த பெண் அவர் அறை வாசலில் ஒரு மணி நேரம். இப்போது மெயில் எழுதும் முன் ஷிப்மெண்ட் தேதிகளைக் கேட்டுவிட்டுத்தான் நாளைக் குறிக்கிறேன். மணி நேரமும் போடுவதில்லை. திங்கள் காலை காகித வேலை, மதியம் ஒரே ஒரு ஆர்டரின் பின்னாலேயே துணி ஸ்டோர்ஸிலிருந்து கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் வரை நடப்பது. செவ்வாய் முழுதும் சாம்பிள் ரூம். அளவுச் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாம்பிளை அவரே அளந்து பார்க்க வேண்டும். புதன் முடிந்துபோன ஆர்டர் ஒன்றின் பைல், முதல் மெயிலிலிருந்து கடைசி இன்வாய்ஸ் வரை. வியாழன் வெளியே இருக்கும் சாயப்பட்டறை. இன்ஸ்பெக்ஷன் வந்தால் அதுதான் அன்றைய பாடம் என்று மெயிலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடர்பு எண்களும் முன்பு பதினான்கு இருந்தன. யாரை எதற்குக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லோரும் என்னையே கூப்பிட்டார்கள். இப்போது மூன்றுதான், ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம்: வழி தெரியாவிட்டால் கேட் அண்ணன், லேப்டாப் திறக்காவிட்டால் சிஸ்டம்ஸ் தம்பி, மற்ற எதற்கும் நான். கூடவே பக்கத்துச் சீட்டில் உட்காரும் சீனியர் அக்காவின் பெயர், எண் இல்லாமல். அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் போடுவேன். ஒருமுறை கேட்காமல் போட்டு, அந்த வாரம் அவர் லீவில் இருந்தார்.

இவ்வளவு திருத்திய பிறகு போன புதன் ஒரு மெயில் அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி: "மேடம், சனிக்கிழமை வேலை உண்டுங்களா?"

உண்டு. திருப்பூரில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவர் படித்ததும் பயிற்சிக்குப் போனதும் பெங்களூரில். வாரத் திட்டத்தின் கீழே சனிக்கிழமைக்கும் ஒரு வரி சேர்த்துவிட்டேன்.