ஒரு மெட்டும் மூன்று சொற்களும்: பழைய ஞானப்பாட்டைத் தேடிப் பிடித்த கதை

கையில் இருந்தது ஒரு மெட்டும், ‘எவர் ரோலிங் ட்ரீம்’ என்று காதில் விழுந்த மூன்று சொற்களும்தான். இரண்டு மாலைப்பொழுதுகள் வீணாயின. காரணம், தேடலை முதலடி அட்டவணையில் தொடங்கியது. மனதில் தங்கும் சொற்கள் பெரும்பாலும் முதலடியாக இருப்பதில்லை. நடுச் சரணத்து வரியை முதலடி அட்டவணையில் எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காது.

அடுத்து, சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடியதும் தப்பு. ஒரு சொல் பிசகினாலும் அப்படித் தேடினால் ஒன்றும் வராது. இங்கே பிசகியது கடைசிச் சொல்.

வழிவிட்டது மெட்டுதான். hymnary.org தளத்தில் மெட்டின் தொடக்க ஸ்வரங்களை 1 முதல் 7 வரை எண்களாகக் கொடுத்துத் தேடலாம். ச = 1, ரி = 2 என்று வைத்துக்கொண்டால் போதும். தாளமும் ஸ்தாயியும் வேண்டாம். ஆனால் பாட்டின் முதல் ஸ்வரத்தையே ‘ச’ என்று எடுத்துவிடாதீர்கள். அப்படி எடுத்தபோது 16214 என்று வந்து, தேடல் எங்கெங்கோ போனது. சரணம் முடிந்து நிற்கும் ஸ்வரம்தான் பெரும்பாலும் ‘ச’. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் தொடக்கம் ப க த ப ச ச நி ச:

```
53651171
```

ST. ANNE என்ற மெட்டு கிடைத்தது. ஆனால் மெட்டின் பெயர் பாட்டின் பெயர் அல்ல. இது 8.6.8.6 அசைக் கணக்கில் அமைந்த மெட்டு. அதே கணக்கில் எழுதப்பட்ட எந்தப் பாட்டையும் இதில் பாட முடியும். ஆகவே, இந்த மெட்டோடு அச்சான பாடல்களை எடுத்து, முதலடியோடு நிற்காமல் எல்லாச் சரணங்களையும் பார்க்க வேண்டும்.

ஐசக் வாட்ஸ் 1719-இல் 90-ஆம் சங்கீதத்தைத் தழுவி எழுதிய பாட்டில் அது அகப்பட்டது: Time, like an ever-rolling stream. அசை எட்டு, அடுத்த அடியில் ஆறு, கணக்கு ஒத்துப்போகிறது. ‘ட்ரீம்’ எங்கிருந்து வந்தது என்பதும் அங்கேயே தெரிந்தது. அதே சரணத்தின் மூன்றாம் அடி dream என்று முடிகிறது. எதுகைபோல ஒலிக்கும் இரண்டு ஈற்றுச் சொற்களும் நினைவில் இடம் மாறிவிட்டன. ஆங்கில ஞானப்பாட்டுகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி நேரும். அதனால் அடியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு, நடுச்சொற்களை மட்டும் தேடுங்கள்: "ever-rolling".

இந்தப் பாட்டில் இன்னொரு பொறியும் உண்டு. வாட்ஸ் எழுதியது Our God என்று தொடங்கும். ஜான் வெஸ்லி அதை O God என்று மாற்றினார். அகர வரிசையில் தேடுகிறவர்கள் இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும்.