மூன்று வாரம் மணலைத் திட்டினேன், தப்பு குழாயில் இருந்தது

நேற்று குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன். குளியல் தண்ணீரை வடிகட்டிச் செடிகளுக்கு விட அங்கே ஒரு டிரம் வைத்திருக்கிறேன்; நான் போய்ச் சேரும் முன்பே தண்ணீர் அதற்குள் விழுந்துகொண்டிருந்தது. மூன்று வாரமாக இதே தண்ணீர் குளியலறைத் தளத்தில் தயங்கி நின்று, 'களக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் இறங்கும்.

வடிகட்டி அடைத்திருக்கிறது என்று முதலில் நினைத்தேன். அதுவும் அடைக்கத்தான் செய்தது. ஜல்லி, கரி, மணல் என்று அடுக்கியிருந்தேன்; ஒன்பதாவது நாளே மணலின் மேல் ஜெல்லி மாதிரி ஒரு படலம். சோப்பும் உடம்பு எண்ணெயும் சேர்ந்து கிருமிகள் வளர்ந்த படலம் அது. மணலைக் கழுவிக் கழுவி அலுத்துப்போய், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முடியைப் பிடிக்க ஒரு நைலான் வலைப்பை, அதன் கீழ் விரல் பருமனுள்ள மரச்சில்லுகள் என்று மாற்றினேன். சில்லு கெட்டால் உரக்குழியில் போட்டுவிடலாம், கழுவும் வேலையே இல்லை. ஆனாலும் தண்ணீர் தயங்குவது நிற்கவில்லை. டிரம்மையே கழற்றிவிட்டு வெறும் குழாயில் விட்டுப் பார்த்தேன், அப்போதும் அதே 'களக்'.

குளியலறையிலிருந்து டிரம் வரை 7 மீட்டர், 50 மி.மீ. குழாய். மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் என்று கணக்குப் போட்டு, கடைசியில் 14 செ.மீ. இறக்கம் வைத்திருந்தேன். இரண்டு முனையையும் அளந்தால் மிகச் சரியாக 14. அந்த நம்பிக்கைதான் என்னைக் கெடுத்தது.

ரசமட்டத்தைக் குழாய் மேல் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அது வைத்த இடத்தை மட்டும்தான் சொல்லும். தண்ணீர் நிரப்பி இரண்டு இடங்களின் மட்டத்தை ஒப்பிடும் டியூப் லெவலை எடுத்தேன். உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும் என்பதால், அந்த டியூபை வாளியிலிருந்து உறிஞ்சி நிரப்பி, விரலால் தட்டித் தட்டிக் குமிழிகளை ஏற்றி விட்டேன். சுவரில் ஒரே மட்டத்தில் மீட்டருக்கு ஒரு கோடு போட்டேன். பிறகு ஒவ்வொரு கோட்டிலிருந்தும் குழாயின் முதுகு வரை அளந்து, தொடக்கத்தின் அளவைக் கழித்தேன். 2, 4, 6, 8, 10, 12, 14 என்று வர வேண்டும். வந்தது 2, 4, 7.5, 11.5, 10, 12, 14.

நாலாவது மீட்டரில் 11.5, ஐந்தாவதில் 10. அதாவது அங்கே குழாய் இறங்கிவிட்டு மறுபடி ஒன்றரை செ.மீ. ஏறுகிறது. தொய்வில் எப்போதும் தண்ணீர் நிற்கும். நிற்கிற தண்ணீரில் முடியும் சோப்பு ஏடும் படியும். அந்தத் துண்டை அறுத்துப் பார்த்தபோது அடியில் சாம்பல் நிறச் சேறு, நாற்றம் சொல்லி முடியாது.

காரணம் என் கஞ்சத்தனம். கிளாம்ப்புகளை 2 மீட்டருக்கு ஒன்றாகப் போட்டிருந்தேன். வெந்நீர் போகும்போது பிவிசி இளகும், மேலே வெயில் வேறு. இப்போது 75 செ.மீ.க்கு ஒன்று. அப்படியே அந்த இடத்தில் டீ எனும் மூன்று வாய் இணைப்பு ஒன்றும் மூடியும் வைத்துவிட்டேன், அடுத்த முறை அறுக்க வேண்டாம்.

டிரம் விஷயத்திலும் ஒரு பாடம். 200 லிட்டர் டிரம்தான் முதலில் வைத்தேன், பெரிதாக இருந்தால் நன்றாகப் படியும் என்று. எங்கள் குளியல் தண்ணீர் நாளுக்கு 120 லிட்டர்தான். அப்படியானால் உள்ளே வருவது வெளியே போக ஒன்றரை நாளுக்கு மேல் ஆகிறது. இந்தத் தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் வைத்தால் காற்றில்லாமல் அழுகி அழுகிய முட்டை வாடை வந்துவிடும், அதுதான் வந்தது. இப்போது 60 லிட்டர் டிரம். மணலும் கசடும் அடியில், ஏடு மேலே, நடுவிலிருந்து மட்டும் தண்ணீர் போக வேண்டும். அதனால் வெளியேறும் குழாயில் ஒரு டீ வைத்து அதன் கீழ்க்கால் பாதி ஆழம் வரை இறங்குகிறது. டீயின் மேல்வாயை அடைத்துவிடாதீர்கள், அடைத்தால் சைபன் பிடித்து டிரம் பாதி வரை காலியாகிவிடும். நான் அடைத்துப் பார்த்தேன்.

அங்கிருந்து வாழைக்கும் எலுமிச்சைக்கும் மூடாக்குப் போட்ட பள்ளத்துக்குள் நேராகப் போகிறது. சொட்டு நீர்க் குழாய் வாங்கி வைத்திருக்கிறேன், ஆனால் இந்தத் தண்ணீருக்கு அதன் துளைகள் தாங்காது என்பதால் பெட்டியோடு கிடக்கிறது. கீரைக்கும் முள்ளங்கிக்கும் இதை விடுவதில்லை.

தளம் கழுவும் பிளீச்சிங் தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்ப மூவழி வால்வு இன்னும் போடவில்லை. அதுவரை கழுவுகிற நாளில் ஓடிப்போய் ஒரு எல்போவைக் கையால் திருப்பிவிடுகிறேன், போன வாரம் ஒரு நாள் மறந்தும்விட்டேன்.