கேக்குக்கு முன்னால் பந்தி

பிறந்தநாள் பேக்கேஜ் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் முதலில் தலைக்கு எவ்வளவு என்று கேட்பார்கள், அடுத்து பலூன் என்ன கலர் என்று. நான் அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, என்ன கிழமை என்பது. மதுரையில் ஒரு குடும்ப உணவகத்தின் மாடி ஹாலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மெனு, நேரம், அலங்காரம் மூன்றுக்கும் கிழமைதான் பிடி.

செவ்வாய், வெள்ளி, சனி என்றால் நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் கவிச்சி சேர்க்க மாட்டார்கள். புரட்டாசியில் மாதம் முழுக்கவே அப்படி. அதனால் பேக்கேஜில் சைவ மெனு ஒன்றைத் தனியாக, முழுமையாக யோசித்து வைத்திருக்க வேண்டும். பிரியாணியிலிருந்து கறியை எடுத்துவிட்டுக் காய் போட்டுக் கொடுத்தால் வந்தவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அன்று ராகுகாலம் மாலை 4:30 முதல் 6 மணி வரை. அழைப்பிதழில் 5:30 என்று அடித்திருப்பார்கள். 6 மணிக்கு முன் யாரும் கேக்கில் கத்தி வைக்கமாட்டார்கள். 6 மணிக்கு மேலும் வைக்கமாட்டார்கள், ஏனென்றால் தாய்மாமன் வந்துகொண்டிருப்பார்.

இந்தத் தாய்மாமனை வைத்துத்தான் நான் பேக்கேஜின் நேர அட்டவணையையே மாற்றினேன். பல இடங்களில் வழக்கம் என்னவென்றால் விளையாட்டு, கேக், பிறகு சாப்பாடு. நம் ஊர் விசேஷத்தில் கேக் எப்போது என்பது யார் கையிலும் இல்லை. சாப்பாட்டை அதன் பின்னால் கட்டிவிட்டால், ஆறு வயதுப் பிள்ளைகள் ஏழரை வரை பசியோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். பசி முற்றினால் குழந்தை கேட்டுச் சாப்பிடாது. முதலில் சண்டை, அப்புறம் அழுகை, கடைசியில் அம்மா மடியில் தூக்கம். அதற்குமேல் கேக்கின் க்ரீம் வயிற்றில் போய்விட்டால் எந்தச் சாப்பாடும் இறங்காது. முழுத் தட்டுகள் அப்படியே திரும்பி வருவதைப் பார்த்துத்தான், பிள்ளைகளின் பந்தியைக் கேக்குக்கு முன்னால் கொண்டுவந்தேன்.

ஒரு ஞாயிறு விசேஷத்தை எடுத்துக்கொள்கிறேன். பெண் குழந்தைக்கு ஆறாவது பிறந்தநாள், 30 குழந்தைகள், 40 பெரியவர்கள். தாய்மாமன் உசிலம்பட்டியிலிருந்து வர வேண்டும். என் அட்டவணையைப் பார்த்ததும் அப்பத்தாவுக்குப் பிடிக்கவில்லை. "கேக் வெட்டாம பந்தி போடுறது என்ன பழக்கம் தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு விசேஷம் எதையாவது வைத்துத் தொடங்கத்தான் வேண்டும். "ஆறு மணி அடிச்சதும் விளக்கேத்தி, நீங்களே எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கரண்டி கேசரி குடுங்கம்மா. அதோட விசேஷம் ஆரம்பிச்சிரும்" என்றேன். ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கேசரி எங்கள் பேக்கேஜில் நிரந்தரமாக இருக்கிறது.

பிள்ளைகளின் தட்டில் நான்கே பண்டம்: ஆறு பொடி இட்லி, எல்லாம் குட்டி அளவு, ஒரு சின்னப் பூரியும் கிழங்கும், காரம் குறைத்த எலும்பில்லாத சிக்கன் நான்கு துண்டு, கொஞ்சம் உருளைக்கிழங்கு ஃப்ரை. இதற்கு மேல் வைத்தால் வீண். முப்பது பேருக்கு 180 இட்லி வேண்டும், 200 ஊற்றுவோம். ஒரு துண்டு 25 கிராம் என்று கணக்கிட்டால் சிக்கன் 3 கிலோ. மாஸ்டரிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஃப்ரையைப் பற்றித்தான். எண்ணெயிலிருந்து எடுத்துச் சில நிமிடத்திலேயே அது தொய்ந்துவிடும். அதனால் பிள்ளைகள் உட்கார்ந்த பிறகுதான் வாணலியில் விழ வேண்டும், அதுவும் இரண்டு ஈடாக. பஃபே கவுண்டர் பெரியவர்கள் இடுப்பு உயரம், அங்கே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் பாதி தரையில்தான் கிடக்கும். தாழ்ந்த மேசை போட்டு, உட்கார வைத்துத்தான் பரிமாறுகிறோம்.

6:15க்குப் பந்தி போட்டால் 6:45க்குள் முடிந்துவிடும். இதில் சமையலறைக்கும் ஒரு நன்மை உண்டு. கீழ்த்தளத்தில் ஞாயிறு இரவுக் கூட்டம் ஏழரைக்கு ஏறும், அப்போது தோசைக்கல்லும் எண்ணெய்ச் சட்டியும் அவர்களுக்கே போதாது. பிள்ளைகளின் பொரியல் அயிட்டம் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். பெரியவர்களுக்குப் பரோட்டா, சால்னா, சீரகசம்பா மட்டன் பிரியாணி. பரோட்டாவும் இருப்பதால் தலைக்கு 100 கிராம் அரிசி போதும், நாற்பது பேருக்கு 4 கிலோ. பிரியாணி தம்மில் காத்திருக்கும், அதனால் மாமா தாமதமானாலும் அதற்குக் கேடில்லை. காத்திருக்கக்கூடிய உணவைப் பெரியவர்களுக்கும், காத்திருக்க முடியாததைப் பிள்ளைகளுக்கு முதலிலும் வைப்பது என்றுதான் மெனுவைப் பிரித்தேன்.

அன்று மாமா ஏழு மணிக்கு வந்தார். அதுவரை பிள்ளைகள் வயிறு நிறைந்து, வண்ணம் தீட்டிக்கொண்டு, மேஜிக் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவர் சங்கிலி போட்டு முடித்ததும் கேக். இங்கேயும் நேரம் போகும் ஓர் இடம் இருக்கிறது. 70 பேருக்கு மேடைக் கேக்கையே வெட்டிக் கொடுக்க நின்றால் கால் மணி நேரம் ஓடிவிடும், க்ரீமும் இளகும். அதனால் மேடையில் ஒரு கிலோ கேக்கும், அதே சுவையில் அலங்காரம் இல்லாத கேக் உள்ளே துண்டு போட்டுத் தட்டிலும் தயாராக இருக்கும். இங்கே மெழுகுவர்த்தி அணைந்ததும் அங்கிருந்து தட்டுகள் கிளம்பும். கேக்கோடு, 100 மில்லி கப்பில் ஜிகர்தண்டா. அதற்கான பாதாம் பிசினை முந்தின இரவே ஊறவைத்தாக வேண்டும், அவசரத்துக்கு ஊறாது.

அலங்காரத்தில் எல்லோரும் படம் காட்டிக் கேட்பது பெரிய பலூன் வளைவு. ஞாயிறு மதியக் கூட்டம் மாடியை விட்டு இறங்க மூன்றரை ஆகிவிடும். அலங்காரக்காரருக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம், அதற்குள் பெருக்கித் துடைக்கவும் வேண்டும். ஆகவே பலூனைப் பின்னறையில் ஊதி, சரமாகக் கட்டி வைத்து, ஹாலுக்கு வந்து மாட்டுவது மட்டும் என்று வைத்திருக்கிறோம். 12 அங்குல பலூனை 10 அங்குலத்தோடு நிறுத்தினால் நம் வெயிலுக்குத் தாங்கும். முழுக்க ஊதினால் ஜன்னல் பக்கம் இருப்பவை ஒவ்வொன்றாக வெடிக்கும். வெடித்த துணுக்குகளை உடனே பொறுக்கியெடுக்க ஒரு ஆளை நிறுத்துகிறேன். தவழும் பிள்ளை ஒன்றாவது எல்லா விசேஷத்திலும் இருக்கும், அது வாயில் போட்டால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு விஷயத்தில் நான் யாருக்காகவும் இறங்கி வருவதில்லை. ஹைட்ரஜன் அடைத்த பலூன் ஹாலுக்குள் வரக்கூடாது. மெழுகுவர்த்தி எரியும்போது ஸ்னோ ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. அந்த டப்பாக்கள் பலவற்றில் நுரையைத் தள்ளுவது எரியும் வாயு. சுடர் பட்டால் பிள்ளையின் முடியும் பட்டுப்பாவாடையும் பற்றிவிடும். "ஒரு தடவைதானண்ணே" என்று கேட்ட சித்தப்பாவிடம் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு, கிளம்பும்போது திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் பில். அழைத்தது நாற்பது பெரியவர்கள், வந்தது நாற்பத்தாறு. நம் வீடுகளில் வாசலில் வைத்துத் தலை எண்ண முடியாது, எண்ணவும் கூடாது. உறுதி சொன்ன எண்ணிக்கைக்கு மேல் பத்துக்கு ஒன்று வீதம் சமைத்து வைப்பதாகவும், அதையும் தாண்டினால் கீழே இருந்து பரோட்டா வரும் என்றும், கணக்கு தட்டு எண்ணிக்கைப்படி என்றும் முன்பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நாற்பதுக்கு நான்கு கூடுதல் போக, மீதி இரண்டு பேருக்குக் கீழ்க்கல்லிலிருந்து பரோட்டா வந்தது. குழந்தையின் அப்பா தாளைப் பார்த்தார், அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்தார், பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்தார். எட்டரைக்கு ஹால் காலியானது.